ஈன்று 24 நாள், 11 லிட்டர் பால்: ஒரு கறவை மாட்டின் தீவனக் கணக்கு

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அக்டோபர் இரண்டாம் வாரம். காலையில் போன் வந்தது: "சார், மாடு நல்லாத்தான் இருக்கு. சாப்பிடுது. ஆனா பால் ஏறல. போன ஈத்துல இந்நேரம் 15 லிட்டர் கறந்துச்சு. இப்ப 12-க்குப் போயி 11-க்கு இறங்கிடுச்சு."

கால்நடை மருத்துவம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார்தான் இது. மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, மடிநோய் இல்லை, பால் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. நான் போனபோது போன் செய்த அக்கா தொட்டியில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டி நிறைந்திருந்தது. மாடு தின்றுகொண்டும் இருந்தது. பிறகு யோசித்தபோது, முழுச் சிக்கலும் அந்தக் காட்சியிலேயே இருந்தது தெரிந்தது.

மாடு ஹெச்.எஃப். கலப்பினம், மூன்றாம் ஈத்து, ஈன்று 24 நாள். எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் நூறு கிலோ வரை தவறலாம் என்பதால் டேப் வைத்து அளந்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு 172 செ.மீ. தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை நீளம் 147 செ.மீ. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். வந்தது 401. சரி, 400 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

விலா எலும்புகள் தெரிந்தன. முதுகெலும்பின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருந்தது. ஈன்றபோது இப்படி இல்லை என்றார் அக்கா. அப்புறம் பால் சொசைட்டி அட்டையை எடுத்து வந்து காட்டினார். கொழுப்பு 4.6 சதவீதம், கொழுப்பு நீங்கலான மற்ற திடப்பொருளான எஸ்.என்.எஃப். 7.9.

"கொழுப்பு நல்லா வருது சார், எஸ்.என்.எஃப்.தான் குறைக்கிறாங்க. தண்ணி ஊத்துறேன்னு நினைக்கிறாங்களோ என்னமோ" என்றார்.

அந்த அட்டை சொன்னது வேறு. ஈன்ற முதல் மாதத்தில் கொழுப்பு வழக்கத்தைவிட ஏறியும் எஸ்.என்.எஃப். இறங்கியும் இருந்தால், மாடு தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். உடம்புக் கொழுப்பு உருகி ரத்தத்தில் வந்து, அதில் ஒரு பங்கு மடிக்குப் போய்ப் பால் கொழுப்பாகிறது. அதே நேரம் தீவனத்தில் எரிசத்து போதாததால் பால் புரதம் குறைகிறது, எஸ்.என்.எஃப். இறங்குகிறது. தண்ணீர் ஊற்றிய பாலில் இரண்டும் சேர்ந்து குறையும். இங்கே ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தது. உடம்புக் கொழுப்பு அதிகம் கரைந்தால் சேரும் கீட்டோனைச் சிறுநீரில் காட்டும் ரோத்ரா சோதனை செய்தேன், லேசான ஊதா நிறம் வந்தது. கீட்டோன் ஆரம்பித்துவிட்டது, இன்னும் முற்றவில்லை. அதற்கான மருந்தைக் கொடுத்தேன். ஆனால் மருந்து நாலு நாள் தாங்கும், அவ்வளவுதான். தொட்டியைச் சரிசெய்யாவிட்டால் ஐந்தாம் நாள் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

தொட்டியில் என்ன விழுகிறது என்று கேட்டேன். "பச்சைப் புல் ஒரு கட்டு, வைக்கோல் வேண்டிய அளவு, தீவனம் நாலு படி." கட்டும் படியும் வைத்துக் கணக்குப் போட முடியாது. தொங்கு தராசு எடுத்துப் போயிருந்தேன். ஒரு நாள் முழுவதும் போடுவதையும், மறுநாள் காலையில் மிச்சம் கிடப்பதையும் நிறுத்துக் குறித்து வைக்கச் சொன்னேன். மிச்சத்தை நிறுப்பதுதான் முக்கியம். போட்டது 17 கிலோ புல்லாக இருந்தாலும் தின்றது 12 கிலோதான். மீதி 5 கிலோ தண்டு, தொட்டிக்கு அடியில் மிதிபட்டுக் கிடந்தது. புல் கோ 4 கம்பு நேப்பியர், முந்தைய அறுப்பு முடிந்து எழுபது நாளுக்கு மேல் ஆனது. தலைக்கு மேல் வளர்ந்து கரும்பு மாதிரி முற்றியிருந்தது. வைக்கோல் தின்றது 4.5 கிலோ. அடர் தீவனம் 4 கிலோ: கடையில் வாங்கும் குச்சித் தீவனம் 3 கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ.

இனி கணக்கு. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர்; அந்தத் தண்ணீரைக் கழித்தால் மிஞ்சுவது உலர் பொருள். முற்றிய கோ 4-இல் அது சுமார் 25 சதவீதம் என்பதால் 12 கிலோ புல்லில் 3 கிலோ. வைக்கோலும் அடர் தீவனமும் 90 சதவீதம். ஆக வைக்கோலில் ஏறக்குறைய 4 கிலோ, அடர் தீவனத்தில் 3.6 கிலோ. மொத்தம் 10.6 கிலோ. 400 கிலோ மாடு ஈன்று நாலாவது வாரத்தில் இவ்வளவு தின்பது மோசமில்லை. அக்கா சொன்னது உண்மை, மாடு நன்றாகவே சாப்பிடுகிறது.

ஆனால் அந்த 10.6 கிலோவில் என்ன இருக்கிறது? மொத்தச் செரிமான ஊட்டச்சத்து என்று புத்தகத்தில் சொல்வதை இங்கே எரிசத்து என்று சுருக்கிக்கொள்கிறேன். முற்றிய புல்லின் உலர் பொருளில் அது பாதிக்குச் சற்று மேல், வைக்கோலில் 40 சதவீதம், இந்த அடர் தீவனத்தில் 72 சதவீதம். பெருக்கிக் கூட்டினால் 5.8 கிலோ வருகிறது. 400 கிலோ மாடு பால் ஒரு சொட்டுக் கறக்காமல் சும்மா உயிர் வாழவே தினம் 3.1 கிலோ வேண்டும். மிஞ்சுவது 2.7. நாலு சதவீதக் கொழுப்புள்ள ஒரு லிட்டர் பாலுக்கு 0.32 கிலோ எரிசத்து செலவாகும். வகுத்தால் 8 லிட்டர் சொச்சம்.

புரதத்தையும் பார்த்தேன். தீவனத்தில் மொத்தம் 1,070 கிராம் வந்தது. உடல் பராமரிப்புக்கு 320 கிராம், லிட்டருக்கு 90 கிராம் என்று கணக்கிட்டால் அதுவும் 8 லிட்டரில்தான் நின்றது.

அதாவது தொட்டியில் இருப்பது 8 லிட்டருக்கான சாப்பாடு. கறப்பது 11 லிட்டர். மீதி 3 லிட்டர் மாட்டின் முதுகிலிருந்து வருகிறது. விலா தெரிவதற்கும் சிறுநீர் ஊதா ஆனதற்கும் கொழுப்பு 4.6 காட்டியதற்கும் காரணம் இதுதான்.

வைக்கோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "வயிறு நிறையணும்ல சார்" என்று எல்லோரும் சொல்வார்கள். வயிறு நிறைவதுதான் இங்கே பிரச்சினை. வைக்கோல் பெருவயிற்றில் மெதுவாகத்தான் உடையும். போதிய அளவு நைந்து சிறிதாகும் வரை அங்கிருந்து நகராது. அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை மாட்டுக்கு அடுத்த வாய் தின்னத் தோன்றாது. ஈன்ற முதல் இரண்டு மூன்று வாரங்களில் பசியே மந்தமாக இருக்கும். பால் உச்சத்துக்குப் போவது ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். தின்னும் அளவு உச்சத்துக்கு வருவது அதற்கும் சில வாரம் கழித்து. இந்த இடைவெளியில் மாட்டின் வயிற்றில் இருக்கும் இடம்தான் விலையுயர்ந்த பொருள். அந்த இடத்தில் நாலு கிலோவை, நூற்றுக்கு நாற்பது மட்டுமே பயன்படும் வைக்கோலுக்குக் கொடுத்திருந்தோம்.

அதற்காக வைக்கோலை அடியோடு நிறுத்துவதும் தவறு. அதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன், இதே மாட்டிடம்.

முதல் நாள் நான் சொன்னது இதுதான்: வைக்கோலை ஒன்றரைக் கிலோவுக்குக் குறையுங்கள், அடர் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 6 கிலோவுக்குக் கொண்டுபோங்கள், இளம் புல் அறுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எது முதலில், எத்தனை நாளில் என்று எழுதிக் கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது. மாடு தீவனத்தைப் பாதியில் விட்டுவிட்டது, சாணி கழிச்சலாகப் போகிறது, பால் எட்டரைக்கு இறங்கிவிட்டது.

போய்ப் பார்த்தால், வைக்கோல் மறுநாளே குறைக்கப்பட்டிருந்தது. அடர் தீவனம் மூன்றே நாளில் 7 கிலோ ஆகியிருந்தது; காலை பாதி, மாலை பாதி, இரண்டே வேளை, அதுவும் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக. "தெம்புக்கு" என்று இரவில் அரிசிக் கஞ்சி வேறு. புல் மட்டும் அதே பழைய தண்டுப் புல். அடர் தீவனம் தின்று அடங்கிய மாடு அதில் 8 கிலோகூடத் தின்னவில்லை. கணக்குப் போட்டால், மாடு தின்ற உலர் பொருளில் மூன்றில் இரண்டு பங்கு அடர் தீவனம், கஞ்சியைச் சேர்க்காமலே. அது பாதியைத் தாண்டக்கூடாது என்பதுதான் நான் வைத்திருக்கும் எல்லை.

சாணி சாம்பல் நிறத்தில், தண்ணியாக, நுரைக் குமிழிகளோடு இருந்தது. மிதித்துப் பார்த்தால் தீவனத் துணுக்குகள் செரிக்காமல் அப்படியே தெரிந்தன. மாடு படுத்திருந்தது, அசை போடவில்லை. அரைமணி நேரம் நின்று பார்த்ததில் ஒரு தடவை உருண்டை மேலே வந்தது, முப்பது மெல்லுக்குள் விழுங்கிவிட்டது. நல்ல நிலையில் ஒரு உருண்டைக்கு ஐம்பது அறுபது மெல்லாவது இருக்க வேண்டும். அட்டையில் அன்றைய கொழுப்பு 3.0. ஐந்து நாளுக்கு முன் 4.6.

நடந்தது இதுதான். மாவுச்சத்து பெருவயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அந்த அமிலத்தைத் தணிப்பது மாட்டின் எச்சில். எச்சில் ஊற வேண்டுமானால் மாடு மெல்ல வேண்டும். மெல்ல வேண்டுமானால் நீளமான நார் வேண்டும். நாங்கள் வைக்கோலைக் குறைத்து, தீவனத்தைக் கூழாக்கி, மெல்லும் வேலையை இரண்டு பக்கமும் பிடுங்கிவிட்டோம். நாரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களிடமிருந்துதான் பால் கொழுப்புக்கான மூலப்பொருள் வருகிறது. அமிலம் ஏறினால் அவை ஒடுங்கிப்போகும், கொழுப்பு சரியும். இன்னொரு காரணமும் இருந்தது. சினையின் கடைசி மூன்று வாரத்தில் இந்த மாட்டுக்கு அடர் தீவனமே காட்டவில்லை. அந்த நாட்களில் தினம் ஒன்று ஒன்றரைக் கிலோ கொடுத்துப் பழக்கியிருந்தால் பெருவயிறு இவ்வளவு தடுமாறியிருக்காது.

அடர் தீவனத்தை உடனே 2 கிலோவுக்கு இறக்கினோம். கஞ்சி நின்றது. வைக்கோல் மூன்று நாளைக்குத் தாராளம். சமையல் சோடா காலை 50 கிராம், மாலை 50 கிராம். நாலாம் நாள் சாணி கெட்டிப்பட்டது, மாடு படுத்தபடி அசை போட ஆரம்பித்தது. ஈன்று 33-வது நாள். பால் 9 லிட்டரில் நின்றது. உச்சத்தில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈத்து முழுவதும் சுமார் 200 லிட்டர் குறையும் என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்த நினைப்பில் நான் அவசரப்பட்டேன், அக்கா என்னைவிட அவசரப்பட்டார்.

இந்தத் தடவை அடர் தீவனத்திலிருந்து தொடங்கவில்லை. புல்லிலிருந்து தொடங்கினோம்.

வயலைச் சுற்றிப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. முதலாவது, கோ 4 கிட்டத்தட்ட இருபது சென்ட் இருந்தும் ஒரு மூலையிலிருந்து அறுத்துக்கொண்டே போய்த் திரும்ப வருவதற்குள் எழுபது எண்பது நாள் ஆகிவிடுகிறது. நட்ட பிறகு முதல் அறுப்புக்குத்தான் 75 நாள். அதற்கப்புறம் 45 நாளுக்கு ஒரு அறுப்பு. அதைத் தாண்டினால் கட்டு பெரிதாகும், சத்து தண்டில் மரமாகிப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் அறுத்து 40 நாள் ஆன பாத்தியிலிருந்து இரண்டு வாரத்துக்குப் புல் வாங்கிக்கொண்டு, இங்கே முற்றியதை எல்லாம் ஒரேயடியாக அறுத்துவிட்டு, பாத்தி பிரித்து வரிசை மாற்றினோம். அறுத்த முற்றல் புல் பால் வற்றிய இன்னொரு மாட்டுக்குப் போனது.

இரண்டாவது, வரப்போரம் வேலிமசால் இடுப்பளவு நின்றது. "இது யாருக்கு?" என்றேன். "ஆட்டுக்குத்தான் சார்." மூன்று ஆடு. உலர் பொருளில் நூற்றுக்கு இருபது வரை புரதம் உள்ள பயறுவகைத் தீவனம் ஆட்டுக்குப் போக, 11 லிட்டர் கறக்கிற மாடு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. ஆடுகளுக்கு வேப்பந்தழையும் கிளுவையும் இருக்கின்றன என்று பேசி முடித்தோம். அக்காவின் பையனுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

14 லிட்டரை இலக்காக வைத்துக் கணக்குப் போட்டேன். உடம்புக்கு 3.13, பாலுக்கு 14 தடவை 0.322, மொத்தம் 7.6 கிலோ எரிசத்து வேண்டும். புரதம் 1,580 கிராம். உலர் பொருள் 12 கிலோவைச் சுற்றி, அதாவது உடல் எடையில் 3 சதவீதத்தில் அடங்க வேண்டும். முதலில் பசுந்தீவனத்தையும் வைக்கோலையும் வைத்துவிட்டு, குறைவதை மட்டும் அடர் தீவனத்தால் நிரப்பினேன்.

| தீவனம் | ஒரு நாளைக்கு (கிலோ) | உலர் பொருள் (கிலோ) | எரிசத்து (கிலோ) | புரதம் (கிராம்) |
|---|---|---|---|---|
| கோ 4, 45 நாள் புல் | 20 | 4.0 | 2.24 | 360 |
| வேலிமசால் | 6 | 1.5 | 0.90 | 285 |
| வைக்கோல் | 1.5 | 1.35 | 0.54 | 47 |
| குச்சித் தீவனம் | 4.5 | 4.05 | 2.92 | 900 |
| உடைத்த மக்காச்சோளம் | 1.5 | 1.35 | 1.15 | 135 |
| மொத்தம் | | 12.25 | 7.75 | 1,727 |

இதில் அடர் தீவனத்தின் பங்கு 44 சதவீதம். புல்லும் வேலிமசாலும் வைக்கோலும் சேர்ந்து 3.7 கிலோ எரிசத்து கொடுத்துவிடுகின்றன. உடல் பராமரிப்பு அதிலேயே முடிந்து, ஒன்றரை லிட்டருக்கு மேல் பாலும் அதிலேயே வருகிறது. "பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அப்புறம் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ" என்ற பழைய கணக்குப்படி போயிருந்தால் 7 கிலோ அடர் தீவனம் வைக்கச் சொல்லியிருப்பேன். அந்தக் கணக்கு தொட்டியில் வைக்கோல் இருக்கிறதா, இளம் புல் இருக்கிறதா என்று கேட்பதில்லை. வைக்கோலை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தலாம். நல்ல புல் வைத்திருப்பவர் அதைப் பின்பற்றினால் காசும் போகும், மாட்டின் வயிறும் கெடும்.

பட்டியலைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: "கடலைப் புண்ணாக்கு எங்க சார்?" திண்டிவனம் பக்கம் கடலை விளைகிற ஊர், புண்ணாக்கு ஊறவைக்காத கறவை மாட்டு வீடு குறைவு. புண்ணாக்கு நல்ல பொருள்தான். ஆனால் அது கொடுப்பது முக்கியமாகப் புரதம். இங்கே வேலிமசால் வந்த பிறகு புரதம் பதினைந்தரை லிட்டருக்குப் போதும், எரிசத்துதான் 14 லிட்டரில் நிற்கிறது. பற்றாக்குறை எதில் இருக்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். அதனால்தான் புண்ணாக்குக்குப் பதில் மக்காச்சோளம். புரதம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று விட்டதும் தெரிந்தேதான்: எரிசத்து குறைந்தால் மாடு உடம்புக் கொழுப்பிலிருந்து கடன் வாங்கும், புரதத்தை அப்படி எடுக்க உடம்பில் பெரிய சேமிப்பு கிடையாது. வேலிமசால் இல்லாத வீடாக இருந்தால் அரைக் கிலோ புண்ணாக்கை நானே சேர்த்திருப்பேன், பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து.

தாது உப்புக் கலவை 50 கிராம், கல் உப்பு 30 கிராம். 14 லிட்டர் கறக்கும் மாட்டுக்குத் தினம் 60 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வைக்கோலிலும் நேப்பியர் புல்லிலும் உள்ள ஆக்சலேட், இருக்கிற சுண்ணாம்பில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேலிமசால் இங்கேயும் உதவுகிறது, ஆனாலும் கலவையை நிறுத்த மாட்டேன்.

எப்படிக் கொடுப்பது என்பதை இந்தத் தடவை ஒரு தாளில் எழுதித் தொழுவத்துச் சுவரில் ஒட்டினேன். புல்லை ஒன்றரை அங்குலத்துக்கு நறுக்க வேண்டும். சாஃப் கட்டர் பக்கத்துத் தெருவில் இருந்தது. வைக்கோலை இரண்டு அங்குலத்துக்குக் குறைவாக நறுக்கக் கூடாது, தூளானால் மெல்லும் வேலை போய்விடும். காலையில் முதலில் நறுக்கிய வைக்கோலும் புல்லும் கலந்து போட்டு, மாடு கொஞ்சம் தின்ற பிறகுதான் அடர் தீவனம். அடர் தீவனம் நாலு வேளை, ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இல்லை. கூழாக இல்லாமல், கையில் பிடித்தால் உதிர்கிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து. குடிதண்ணீர் தனியாக, எப்போதும் தொட்டியில். இந்த அளவு கறக்கும் மாடு நாளைக்கு 60, 70 லிட்டர் குடிக்கும். இரண்டு வேளை வாளியில் காட்டினால் போதாது.

2 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு ஏற்றியது இரண்டு நாளுக்கு அரைக் கிலோ வீதம். ஒவ்வொரு தடவை ஏற்றும் முன்பும் சாணியைப் பார்க்கச் சொன்னேன். விழுந்த சாணி இரண்டு மூன்று விரல் உயரத்துக்குக் குவிந்து நடுவில் லேசாகக் குழி விழுந்தால் ஏற்றலாம். பரந்து தெறித்தால், குமிழி தெரிந்தால், அன்று ஏற்றக் கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் மாடு அசை போடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு தடவை சாணி இளகியது, இரண்டு தடவையும் அக்காவே இரண்டு நாள் நிறுத்தி வைத்தார். 53-வது நாள் 6 கிலோவைத் தொட்டோம்.

பால் 40-வது நாளில் 11.5 லிட்டர், 50-வது நாளில் 13, 58-வது நாளில் 14. கொழுப்பு 3.8, எஸ்.என்.எஃப். 8.4. சிறுநீர்ச் சோதனையில் நிறம் வரவில்லை. போன ஈத்தின் உச்சத்தை இது தொடவில்லை. நடுவில் தொலைந்த அந்தப் பத்து நாள் திரும்ப வராது. செலவைப் பார்த்தால், குச்சித் தீவனத்தில் ஒன்றரைக் கிலோவும் மக்காச்சோளத்தில் ஒன்றரைக் கிலோவும் கூடி, தவிடும் மூன்று கிலோ வைக்கோலும் குறைந்ததில், நாளைக்கு 45 ரூபாய்க்கு அருகில் கூடுதலானது. கூடிய பால் 3 லிட்டர், அவர் ஊரில் அப்போது லிட்டர் 35 ரூபாய்.

நவம்பர் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. 62-வது நாள் மறுபடி போன்: "சார், எதையும் மாத்தல. அதே 20 கிலோ புல்லுதான் நிறுத்துப் போடுறேன். பால் 12.5 தான் வருது." எதையும் மாற்றவில்லை என்பது உண்மைதான், மழைதான் மாற்றியிருந்தது. வெயிலில் அறுத்த 45 நாள் புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர் பொருள் இருக்கும். மழையில் நனைந்து, கொழுகொழுவென்று வளர்ந்த புல்லில் 15 சதவீதம்தான் தேறும். அப்படியானால் 20 கிலோவில் 4 கிலோவுக்குப் பதில் 3 கிலோ. எரிசத்து அரைக் கிலோவுக்கு மேல் குறைகிறது, அது ஒன்றே முக்கால் லிட்டர் பாலுக்கானது. குறைந்தது ஏறக்குறைய அதே அளவு. இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவது அபூர்வம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் போட்டவை எல்லாம் புத்தகத்துச் சராசரிகள். பத்து சதவீதம் முன்பின் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கணக்கு திசையைக் காட்டும், மீதியைச் சாணியும் அட்டையும்தான் சொல்ல வேண்டும்.

உலர் பொருளைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. நறுக்கிய புல்லில் 100 கிராமை நிறுத்து, வாணலியில் மெல்லிய சூட்டில் கருகாமல் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, எடை குறைவது நின்ற பிறகு மறுபடி நிறுத்தால் மிஞ்சுகிற கிராம்தான் சதவீதம். அக்கா வீட்டுச் சமையல் தராசில் 16 காட்டியது. புல்லை முந்தின நாள் மதியம் அறுத்துக் கொட்டகைக்குள் பரப்பி வாடவிடச் சொன்னேன். அளவை 25 கிலோவாக்கினோம். வைக்கோல் போர் ஓரம் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்ததால் அதைத் தொட வேண்டாம் என்று, வீட்டுக்குள் இருந்த காய்ந்த கடலைக்கொடியில் ஒரு கிலோ கலந்தோம். நாலு நாளில் 14-க்குத் திரும்பியது.

78-வது நாள் மாடு பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போடப் போனபோது முதுகுப் பள்ளம் முழுசாக நிரம்பவில்லை, ஆனால் மேலும் ஆழமாகவும் இல்லை. சுவரில் ஒட்டிய தாளுக்குக் கீழே அக்கா பென்சிலால் இன்னொரு வரி எழுதியிருந்தார்: "பால் 8-க்கு வந்தா பழைய மாதிரி." ஏழாவது மாதம் வாக்கில் பால் அந்த அளவுக்கு இறங்கும்போது நாலரைக் கிலோ வைக்கோலும் நாலு கிலோ அடர் தீவனமும் அந்த மாட்டுக்குச் சரியாகவே இருக்கும். அதைச் சொன்னது நான்தான். உடம்பு தேறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குறைக்க வேண்டும் என்பதை மட்டும் அதற்குப் பக்கத்தில் சேர்த்து எழுதிவிட்டு வந்தேன்.